இருபது நிமிடம் தண்ணீர்

சிறு தீக்காயத்துக்கான முதலுதவிப் பாடம் முடிந்ததும் கீரனூர்த் தன்னார்வலர்களுக்கு நான் எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. "காயத்தில் என்ன ஊற்ற வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் "தண்ணீர்" என்று எழுதிவிடுவார்கள். எவ்வளவு நேரம் ஊற்றுவார்கள் என்பது ஒரு சூழலைக் கொடுத்து, செய்யச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

நான் கொடுக்கும் சூழல் இதுதான். காலையில் இட்லிப் பானையின் மூடியைத் திறந்த பெண்ணுக்கு வலது புறங்கையில் ஆவி அடித்துவிட்டது. கையில் கண்ணாடி வளையல், விரலில் மோதிரம். குழாயில் தண்ணீர் வரவில்லை, குடத்தில் இருக்கிறது. ஒருவர் அடிபட்டவராக உட்காருவார். மாமியாராக நடிப்பவர் இட்லி மாவோடு வருவார். நான் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பேன்.

பெரும்பாலோர் மூன்று, நான்கு நிமிடத்தில் ஊற்றுவதை நிறுத்திவிடுவார்கள். எரிச்சல் குறைந்தால் வேலை முடிந்ததென்று தோன்றும். ஆனால் தோலின் அடியில் தங்கிய சூடு மேலும் திசுவைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் இருபது நிமிடம். சொம்பில் மொண்டு மெல்லிய தாரையாக ஊற்றினால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போதும். ஒன்றரைக் குடத்தில் முடிந்துவிடும். தண்ணீர் குறைவென்றால் கீழே சுத்தமான பேசினை வைத்து, விழும் நீரையே மொண்டு ஊற்றலாம். சுட்டு நேரமாகிவிட்டதே என்று விட வேண்டாம், மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் பலன் உண்டு. ஐஸ் கட்டி மட்டும் கூடாது, அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும்.

வளையலைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். அதைக் கவனிக்கிறார்களா என்பதற்கே அதிக மதிப்பெண். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். கை வீங்கிய பிறகு அவை இறங்காது, இரத்த ஓட்டத்தையும் நெரிக்கும்.

மாவோடு வருகிற மாமியாரிடம்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெரியவரை எதிர்த்துப் பேசக் கூச்சம். மாவு, மை, பற்பசை எதைத் தடவினாலும் சூடு உள்ளேயே நிற்கும், கிருமி சேரும், மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும். அதை விளக்க அப்போது நேரமில்லை. "அத்தை, இந்தச் சொம்பைப் பிடிங்க, நீங்க ஊத்துங்க" என்று ஒரு பெண் சொன்னார். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

கடைசியாக, "கொப்புளம் போட்டுவிட்டது, இப்போது?" என்று கேட்பேன். உடைக்கக் கூடாது. சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்த வேண்டும். "சின்னக் காயம்தானே, வீட்டிலேயே ஆறும்" என்பவர் இங்கே தேறமாட்டார். கை, முகம், பாதம், மூட்டு, மறைவிடம் ஆகிய இடங்களில் கொப்புளம் போட்டால் அளவு சிறிதானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மற்ற இடங்களில் அடிபட்டவரின் உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ, குழந்தைக்குச் சுட்டாலோ, காயம் வெளுத்து வலியே இல்லாமல் இருந்தாலோ அதே விதிதான். பரவலாகச் சுட்டிருந்தால் உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை இருபது நிமிடத்துக்கு மிகாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

பயிற்சி கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வில் அந்த இருபது நிமிடத்தைச் சுருக்காதீர்கள், முழுவதும் ஊற்றச் சொல்லுங்கள்.