ஆரணி வெயிலுக்குக் கூலிங் கிளாஸ்: கருமை வேறு, காப்பு வேறு

ஆரணியில் பட்டுப் பாவினைத் தெருவில் நீட்டி இழைகளைச் சரிசெய்யும் நெசவாளருக்கும், நெய்த சேலைகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வேலூர்ச் சாலையில் செல்பவருக்கும் ஒரே கூலிங் கிளாஸ் பொருந்தாது. ஆனால் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பு இருவருக்கும் தேவை. அது கண்ணாடியின் கருமையிலிருந்து வருவதன்று. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர், ஒளியலையின் நீளம் 400 நானோமீட்டருக்குக் குறைவான பகுதியில் உள்ளது. ‘யூவி 400’ என்னும் குறிப்பு அந்த எல்லைவரை தடுப்பதாகக் கூறும் உறுதிமொழி. அதைத் தடுக்கும் பொருள் நிறமற்றதாகவே இருக்கக்கூடும் என்பதால், பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளைக் கண்ணாடிகூட அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மாறாக, காப்பில்லாத கறுப்புக் கண்ணாடியின் பின்னே கண்மணி விரிவதால், கதிர் நுழையும் வாயிலும் பெரிதாகிறது.

கருமையை உலகத் தரவிதி 0 முதல் 4 வரை எண்ணிட்டுப் பிரிக்கிறது. 3ஆம் வகை, காணும் ஒளியில் 8 முதல் 18 சதவீதம்வரை உள்ளே விடுவதால் கடும் வெயிலுக்குப் போதும். அதனினும் கருத்த 4ஆம் வகையை அணிந்து வண்டி ஓட்டலாகாது. இழையின் நிறம் பார்ப்பவர் சாம்பல் நிறத்தையே தேர வேண்டும். பழுப்பு, நீலத்தை அதிகம் விழுங்குவதால் ஊதாச் சாயமும் மாம்பழ மஞ்சளும் வேறாகத் தோன்றும்.

போலரைஸ்டு என்பது, ஈரச் சாலை போன்ற கிடைப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை வடிகட்டும் ஏற்பாடு. பைக்கில் செல்பவருக்கு அது பெரிய உதவி. நெசவாளருக்கோ அதுவே இடையூறு: பட்டின் பளபளப்பில் ஒரு பகுதி அத்தகைய தெறிப்பொளியே என்பதால், சாய்வாகப் பார்க்கும்போது பட்டு மங்கும், ஜரிகை உலோகமாதலால் அவ்வளவாக மங்காது. ஆகவே பட்டும் ஜரிகையும் தம் உண்மையான பொருத்தத்தில் தெரியா. கண்ணாடியைச் செல்பேசித் திரையின் முன் சுழற்றும்போது ஒரு கோணத்தில் திரை இருண்டால் அது போலரைஸ்டுதான். ஆனால் புற ஊதாக் காப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

தெருவோரத்தில் வாங்கிய மலிவான கண்ணாடியின் காப்பைச் சோதிக்க, கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சும் ரூபாய் நோட்டும் உதவும். இருட்டறையில் டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். கண்ணுக்கும் நோட்டுக்கும் நடுவே பிடித்தால், கருமையே ஒளிர்வை மறைத்து, காப்பில்லாததையும் தேறியதாகக் காட்டிவிடும். நோட்டின் எண்கள் முன்போலவே ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடியை நம்பலாகாது. எனினும் மலிவான டார்ச்சுகளில் பல 395 நானோமீட்டரை ஒட்டி, 400க்கு மேலும் சிறிது ஒளி விடுவதால், நல்ல கண்ணாடியிலும் மங்கலான ஒளிர்வு எஞ்சலாம். 365 நானோமீட்டர் டார்ச் அந்தக் குழப்பத்தைக் குறைத்தாலும், 380 முதல் 400 வரையுள்ள கசிவைக் காட்டாது. எனவே இச்சோதனை மோசமானதை விலக்குமே தவிர, நல்லதென்று சான்று தராது. அதற்குக் கண்ணாடிக் கடையில் உள்ள புற ஊதா அளவியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கருவி எந்த அலைநீளத்தில் அளக்கிறது என்பதையும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.