எது உள்ளே, எது பின்னிணைப்பில்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர், சுற்றுச்சூழல் அல்லது நிலவியல் முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த தலைப்பு. 30 ஆழ்துளைக் கிணறுகள், கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை, மாதிரிக்கு 12 அளவீடுகள் என்று வைத்துக்கொண்டால் கையில் 720 எண்கள் சேர்ந்துவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான். எல்லாவற்றையும் நான்காம் அத்தியாயத்தில் கொட்டுபவர் உண்டு. பக்க வரம்புக்குப் பயந்து மொத்தத்தையும் பின்னிணைப்புக்குத் தள்ளுபவரும் உண்டு.

ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் இப்படிக் கேளுங்கள்: தேர்வாளர் இதைப் பார்க்காமல் என் அடுத்த வாக்கியத்தை ஏற்பாரா? ஏற்க மாட்டார் என்றால் அது உள்ளேயே இருக்கவேண்டும். ஏற்பார், ஆனால் சரிபார்க்கவோ திரும்பச் செய்து பார்க்கவோ விரும்பினால் தேவைப்படும் என்றால் பின்னிணைப்புக்குப் போகட்டும். இரண்டுக்கும் உதவாததை எடுத்துவிடுங்கள். மாதிரி எடுக்கும்போது பிடித்த 20 புகைப்படங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகை.

720 எண்களின் முழு அட்டவணை பின்னிணைப்பில் இருக்கட்டும். உள்ளே, பருவத்துக்கு ஓர் அட்டவணை போதும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் குறைந்த அளவு, கூடிய அளவு, சராசரி, IS 10500:2012 வரம்பைத் தாண்டிய கிணறுகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் இருக்கவேண்டும். கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. எந்த வரம்போடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் அதே அட்டவணையில் எழுதுங்கள். கிணறுகளின் வரைபடமும் பைப்பர் வரைபடமும் உள்ளேதான். உங்கள் வாதம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

அயனிச் சமநிலைக் கணக்கை முழுதாக உள்ளே வைப்பதும் தவறு, முழுதாக மறைப்பதும் தவறு. ஒரு மாதிரியை மட்டும் உள்ளே செய்து காட்டுங்கள். நேர் அயனிகளின் கூட்டுத்தொகை லிட்டருக்கு 46.8 மில்லிஈக்விவலண்ட், எதிர் அயனிகளுக்கு 44.2 என்றால், வேறுபாடு 2.6, மொத்தம் 91.0, பிழை 2.9 சதவீதம். வழக்கமாக ஏற்கும் 5 சதவீதத்துக்குள் இருக்கிறது. மற்ற மாதிரிகளின் கணக்கு பின்னிணைப்பில் வரட்டும். ஆனால் வரம்பைத் தாண்டிய மாதிரிகள் எத்தனை, அவற்றை வைத்துக்கொண்டீர்களா நீக்கினீர்களா என்ற வாக்கியம் உள்ளே இல்லாவிட்டால், வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வழக்கத்துக்கு மாறான கிணறு. மேலே கணக்கிட்ட அதே மாதிரியில் குளோரைடு 1,180 மில்லிகிராம், சோடியம் 640 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோரைடின் மேல்வரம்பு 1,000. இது ஆலைக் கழிவா, கடல்நீரா? இதே மாவட்டத்தின் மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது நன்கு பதிவான செய்தி. அதனால் ஆலைமீது கை நீட்டுமுன் சோடியம், குளோரைடு விகிதத்தைப் பாருங்கள். மில்லிஈக்விவலண்டில் 27.84ஐ 33.29ஆல் வகுத்தால் 0.84, கடல்நீரின் விகிதம் ஏறத்தாழ 0.86. உப்பு பயன்படுத்தும் ஆலையின் கழிவுநீரும் 1க்கு அருகில் வரக்கூடும் என்பதால் இந்த எண் மட்டும் தீர்ப்பாகாது. கிணற்றின் ஆழமும் கடலிலிருந்துள்ள தொலைவும் சேரவேண்டும். இந்த விவாதம் முழுவதும் உள்ளே நடக்கவேண்டும். வரைபடத்தின் அழகு கெடுகிறது என்று அந்தக் கிணற்றைப் பின்னிணைப்பு அட்டவணையின் 17ஆம் வரிசையில் விட்டுவிடுவது, முடிவையே மறைப்பதற்குச் சமம்.

கிணற்று உரிமையாளர்களிடம் கேட்ட கேள்வித்தாள், ஒப்புதல் படிவத்தின் வெற்று நகல், ஆய்வகச் சான்று, கருவிகளின் அளவுதிருத்தப் பதிவு எல்லாம் பின்னிணைப்புக்கு உரியவை. கையெழுத்திட்ட படிவங்கள் வேண்டாம். வீட்டுக்காரரின் பெயரும் கதவு எண்ணும் அச்சில் வரக்கூடாது, கிணற்றுக்குக் குறியீடு போதும். உரையில் குறிப்பிடும் வரிசையிலேயே பின்னிணைப்புகளுக்கு எண் இடுங்கள். உரையில் ஓரிடத்திலும் சுட்டப்படாத பின்னிணைப்பு இருக்கவே வேண்டாம்.

ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அன்றாடப் பதிவேட்டைப் பின்னிணைப்பில் வைத்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணாதீர்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்பிரதியைச் சமர்ப்பிக்கவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இலேயே விதித்தது. அவை சோத்கங்கா தளத்தில் பின்னிணைப்போடு எவரும் படிக்கும்படி கிடக்கின்றன. முதுநிலை ஆய்வேடும் நூலக அலமாரிக்குப் போகும். எந்தப் பதிவேடு, எந்த மாதங்கள், ஆலையின் பெயர் வருமா வராதா என்பதை எழுதி, நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தை முதல் மாதிரி எடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.