ஏ3 வரைபடத்தைச் சரிபாதியாக மடிக்கலாமா?

கேள்வி: ஏ3 தாளில் எடுத்த பொறியியல் வரைபடத்தைச் சரிபாதியாக மடித்து ஃபைலில் போட்டால் என்ன தவறு?

பதில்: ஏ3 தாள் 420 × 297 மி.மீ. பாதியாக மடித்தால் ஏ4 அளவு கிடைக்கும். ஆனால் துளையிடும்போது இரண்டு அடுக்கும் சேர்ந்து ஓட்டையாகும். ஃபைலிலிருந்து கழற்றாமல் படத்தை விரிக்கவும் முடியாது.

இதற்காகத்தான் ஐஎஸ்ஓ 5457 தரம் இடது ஓரத்தில் 20 மி.மீ., மற்ற மூன்று பக்கங்களில் 10 மி.மீ. இடம் விடச் சொல்கிறது. துளைகள் அந்த 20 மி.மீ. பட்டையில் விழ வேண்டும்.

சரியாக மடிக்க, வலது ஓரத்திலிருந்து 190 மி.மீ. அளந்து, தாளைப் பின்பக்கமாக மடிக்க வேண்டும். பிறகு இடது ஓரத்திலிருந்து 125 மி.மீ. தள்ளி, எதிர்த்திசையில் இன்னொரு மடிப்பு. நடுவில் 105 மி.மீ. உள்ளே ஒளிந்துகொள்ளும். மேல்மடிப்பு 190 மி.மீ. மட்டுமே என்பதால் இடது பட்டை 20 மி.மீ. வெளியே நீட்டி நிற்கும். வலது கீழ்மூலையில் உள்ள தலைப்புக் கட்டம் முகப்பில் தெரியும்.

ஓர இடங்களை விட்டு வரையும் சட்டத்தைச் சுற்றியுள்ள எழுத்தும் எண்ணும் மண்டலக் குறிகள். தாளின் மையத்திலிருந்து 50 மி.மீ.க்கு ஒன்றாகப் பிரித்திருப்பார்கள். 'சி5-இல் உள்ள துளையின் அளவை மாற்றவும்' என்று தொலைபேசியில் சொன்னாலே இடம் புரிந்துவிடும். ஒன்று, சுழியம் என்ற எண்களோடு குழம்பக்கூடிய ஐ, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளை இங்கே பயன்படுத்துவதில்லை.

அச்சிட்டதும் சட்டத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். அது 390 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால், பிரிண்டர் 'தாளுக்குப் பொருத்து' அமைப்பில் படத்தைச் சுருக்கியிருக்கிறது. அந்தப் பிரதியில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது.