பணி இடைவெளியும் மதிப்பெண் தாளும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோவில்பட்டி, எட்டயபுரம், எப்போதும்வென்றான் வட்டாரத்தின் தீப்பெட்டி ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் மிட்டாய் நிறுவனங்களிலும் அலுவலகப் பணிக்கு ஆள் எடுப்போர், விண்ணப்பங்களை ஒப்பிட மதிப்பெண் தாள் ஒன்றைப் பயன்படுத்தும்போது, அனுபவம், கணக்கறிவு, நேர்காணல் ஆகியவற்றோடு 'தொடர்ச்சி' என்றொரு பத்தியையும் சேர்ப்பதுண்டு. இடையில் வேலையில்லாமல் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அப்பத்தியில் மதிப்பெண் குறைக்கப்படும். பணி இடைவெளி என்பது ஒரு வேலையிலிருந்து விலகிய நாளுக்கும் அடுத்த வேலையில் சேர்ந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் மட்டுமே. அது தன்னளவில் திறமையையோ நேர்மையையோ அளப்பதில்லை. ஆயினும் அதன்மேல் சில நம்பிக்கைகள் படிந்துள்ளன. அவற்றுள் சில முற்றிலும் பிழை. ஒன்றில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது.

நம்பிக்கை: ஆவணத்தில் காணும் இடைவெளி, வேலை செய்யாத காலம்.

பணி வரலாற்றைச் சரிபார்க்க இன்று பலரும் கேட்பது வருங்கால வைப்பு நிதியின் பாஸ்புக்கைத்தான். அதில் மாதந்தோறும் கட்டப்பட்ட தொகை இருக்கும். ஆனால் வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்துவதால், பத்துப் பேரோடு நடக்கும் தீப்பெட்டி யூனிட்டிலோ கடலை மிட்டாய்க் கடையிலோ கணக்கு எழுதியவரின் ஆண்டுகள் அதில் வெறுமையாகவே தெரியும். தவிரவும், முந்தைய முதலாளி விலகிய தேதியைப் பதியாமல் விட்டுவிட்டால் உண்மையில் இருந்த இடைவெளி மறைந்துபோவதும், தவறான தேதியைப் பதிந்தால் இல்லாத இடைவெளி தோன்றுவதும் நடக்கின்றன. விலகிய தேதியைத் தொழிலாளியே இணையத்தில் பதியும் வசதி 2020ஆம் ஆண்டில்தான் வந்தது.

கரிசல் நிலத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, களையெடுத்து, தை தொடங்கிப் பங்குனி வரை பயறும் பருத்தியும் மிளகாயும் எடுக்கும் மானாவாரி வேளாண்மையில், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் ஆட்களும் அந்த மாதங்களில் காட்டுக்குப் போய்விடுவது இங்கே வழக்கம். தாளில் அது ஆண்டுதோறும் விழும் ஓட்டையாகத் தெரிகிறது. நடந்ததோ ஆலை வேலையினும் கடுமையான உழைப்பு. ஆகவே விண்ணப்பதாரரிடம் 'அந்தக் காலத்தில் என்ன வேலை செய்தீர்கள்' என்று கேட்பதே முதற்படி. 'ஏன் சும்மா இருந்தீர்கள்' என்று தொடங்கும் கேள்வி, விடை வருமுன்னரே தீர்ப்பை எழுதிவிடுகிறது.

நம்பிக்கை: ஒருமுறை இடைவெளி விட்டவர் மறுபடியும் விட்டுப் போய்விடுவார்.

பணியிடை விலகலுக்கு ஆகும் செலவு உண்மையானது. புதியவரைத் தேடிப் பழக்குவதற்குள் இரண்டு மாதக் கணக்கு முடங்கிவிடும். ஆனால் பழைய இடைவெளி அதை முன்கூட்டிச் சொல்லும் என்பதற்கு ஆதாரம் மெலிந்தே இருக்கிறது. வேலைக்குச் சேருமுன் ஒருவர் பெற்ற அனுபவ ஆண்டுகளையும் சேர்ந்தபின் அவருடைய செயல்திறனையும் நிலைத்திருத்தலையும் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துச் சாட் வான் இடெகிங்கேயும் உடனாய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட பகுப்பாய்வு, இரண்டுக்குமான தொடர்பு மிகச் சிறியது என்று கண்டது. அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கையே இவ்வளவு கொஞ்சமாகத்தான் சொல்லும் என்றால், அந்த ஆண்டுகளுக்கு நடுவே உள்ள ஓட்டை நிறையச் சொல்லும் என்று கருத இடமில்லை.

இவ்வட்டாரத்து இளைஞர்களின் இடைவெளிகளில் கணிசமானவை அரசுப் பணித் தேர்வுக்காக விடப்பட்டவை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தபின் அடுத்த முறை 2022 ஜூலை 24 அன்றுதான் நடந்தது; இடையே பெருந்தொற்று வந்தது. ஒரு தேர்வில் தவறி அடுத்ததற்குக் காத்திருந்தவரின் மூன்றாண்டு இடைவெளிக்கு அவருடைய மனஉறுதியைக் காட்டிலும் தேர்வு அட்டவணையே பெருங்காரணம். அவர் தேர்ச்சி பெற்றால் விலகிவிடுவார் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் வேலையிலிருந்துகொண்டே அதே தேர்வை எழுதுவோரும் ஏராளம் இருப்பதால், இடைவெளி உள்ளவரிடம் மட்டும் இக்கேள்வியைக் கேட்டால் ஆபத்தில் பெரும்பங்கு கண்ணுக்குத் தப்பிவிடும். 'அடுத்த ஓராண்டில் எந்தத் தேர்வுக்கேனும் விண்ணப்பித்திருக்கிறீர்களா' என்று எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்டு, விடையை ஒரேவிதமாக மதிப்பிடுவதே சரி.

நம்பிக்கை: குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண்ணுக்கு இனி வேலையில் நாட்டமிருக்காது.

இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதை அமெரிக்காவில் கேதரின் வைஸ்ஹார் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தகுதியில் ஒத்த கற்பனை விண்ணப்பங்கள் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டபோது, வேலையில் இருந்த தாய்மாருக்கு ஏறத்தாழ 15 விழுக்காடும், ஆட்குறைப்பால் வேலையிழந்த தாய்மாருக்கு 10 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், பிள்ளை வளர்ப்புக்காகத் தாமே விலகியிருந்த தாய்மாருக்கு 5 விழுக்காடும் நேர்காணல் அழைப்பு வந்தது. பின்னிரு சாராரின் இடைவெளியும் ஒரே நீளம்; எனவே அழைப்பைப் பாதியாக்கியது திறன் குறைவு அன்று, காரணத்தின் மீது எழுந்த ஊகம். தந்தையருக்கும் இதே கதிதான் என்பது அந்த ஆய்வின் மற்றொரு கண்டுபிடிப்பு. இந்தியாவில் ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டுவதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடுத்திருந்தது. 'இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா' என்ற கேள்வி நேர்காணல் மேசைக்கு உரியதே அன்று.

நம்பிக்கை: இடைவெளியில் கைப்பழக்கம் போய்விடும்.

பாதி உண்மை இதுதான். ஆகவே இதற்குக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. பயன்படுத்தாத திறன் தேயும் என்பதை 1998இல் வின்ஃப்ரெட் ஆர்தரும் உடனாய்வாளர்களும் தொகுத்த ஆய்வுகள் உறுதிசெய்கின்றன. அதே தொகுப்பின்படி உடலால் செய்யும் வேலைகள் மெதுவாகவும், மனத்தால் செய்பவையும் பிழையின்மையை வேண்டுபவையும் விரைவாகவும் தேய்கின்றன. நூற்பாலையில் அறுந்த நூலை இணைத்த கை சில நாட்களில் பழைய வேகத்துக்குத் திரும்பக்கூடும். வரிக் கணக்கு அப்படியன்று. அங்கே தேய்மானத்தோடு இன்னொன்றும் சேர்கிறது: விதிகளே மாறியிருக்கும். தேய்ந்தது வேறு, கற்கவே வாய்ப்பில்லாதது வேறு. ஒருமுறை கற்று மறந்ததை மறுபடி கற்க முதல் முறையினும் குறைந்த நேரமே ஆகும் என்பது 1885இல் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்துக் கண்ட பழைய முடிவு. எனவே இரண்டையும் பிரித்தறியாமல் ஆண்டுக்கு இத்தனை மதிப்பெண் என்று கழிப்பது எதையும் அளப்பதாகாது.

இதை ஒரு கற்பனை வழக்கில் பார்க்கலாம். 2024 ஜூனில் ஒரு தீப்பெட்டி ஆலை கணக்கர் ஒருவரைத் தேடுகிறது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேல். எப்போதும்வென்றானைச் சேர்ந்த முதல் விண்ணப்பதாரர் 2016 ஜூன் முதல் 2020 மே வரை நான்காண்டு கணக்கராக இருந்துவிட்டு, குழந்தைக்காக விலகியவர். வைப்பு நிதி பாஸ்புக்கில் அதன்பின் நான்காண்டு வெறுமை, ஆனால் அதில் இரண்டாண்டு ஒரு மிட்டாய்க் கடைக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதியிருக்கிறார். இரண்டாமவர் எட்டாண்டு இடைவிடாமல் வேலை பார்த்தவர்.

பழைய தாளின்படி அனுபவத்துக்கு ஆண்டுக்கு 5 வீதம் உச்சம் 40, தொடர்ச்சிக்கு 20, அதிலிருந்து இடைவெளி ஆண்டுக்கு 5 கழிவு, செய்முறைத் தேர்வுக்கு 25, நேர்காணலுக்கு 15. இரண்டாமவர் அறைக்குள் நுழையுமுன்னரே 60 பெற்றுவிடுகிறார். முதலாமவருக்கு அனுபவத்தில் 20, தொடர்ச்சியில் பூஜ்யம். அவர் செய்முறையிலும் நேர்காணலிலும் முழு மதிப்பெண்ணாகிய 40ஐயும் வாங்கினால்தான், இரண்டிலும் ஒன்றுமே வாங்காத இரண்டாமவரோடு சமமாவார். தேர்வு வெறும் சடங்காகிவிடுகிறது. இடைவெளியின் காரணமாக அனுபவ ஆண்டுகள் ஏற்கெனவே குறைந்துவிட்ட ஒருவரிடம், அதே இடைவெளிக்காக இன்னொரு பத்தியில் மறுபடி கழிப்பதே இத்தாளின் கோளாறு. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை, அதுவும் குற்றம் நிரூபிக்கப்படாமலே.

திருத்திய தாள் தொடர்ச்சிப் பத்தியை நீக்கிவிடும். அனுபவத்துக்கு மூன்றாண்டு வரை மட்டும் 15; முன்பே எழுதிவைத்த ஒரே கேள்விகளோடு நடக்கும் நேர்காணலுக்கு 25; பழைய முதலாளிகளிடம் விசாரிப்பதற்கு 10; செய்முறைக்கு 50. பண மோசடியால் வெளியேற்றப்பட்டவரை எடுத்துவிடும் ஆபத்தை அந்த விசாரிப்புதான் பிடிக்கும். அத்தகையவர் மறுவாரமே வேறிடத்தில் சேர்ந்து இடைவெளியே இல்லாமலும் இருக்கலாம்.

செய்முறையில் மூன்று வேலைகள். வங்கிக் கணக்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டறிவதற்கு 20. சரக்கு விற்றோர் பதிந்த விலைப்பட்டியல்களிலிருந்து வரித்துறைத் தளம் தானே திரட்டித் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையைக் கொள்முதலோடு ஒப்பிடுவதற்கு 15. விலைப்பட்டியலை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறும் இ-இன்வாய்ஸ் முறைக்கு 15. ஜிஎஸ்டிஆர்-2பி 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இ-இன்வாய்ஸ் 5 கோடிக்கு மேற்பட்ட விற்பனையுள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானது. இரண்டும் முதலாமவரின் இடைவெளிக்குள் வந்தவை; மிட்டாய்க் கடைக்கு இ-இன்வாய்ஸ் தேவைப்பட்டிருக்காது.

முதலாமவர் வங்கி ஒப்பீட்டில் 20, 2பி ஒப்பீட்டில் 6, இ-இன்வாய்ஸில் 5, அனுபவத்தில் 15, நேர்காணலில் 20, விசாரிப்பில் 8 எனக் கூட்டி 74 பெறுகிறார் என்று கொள்ளலாம். இரண்டாமவர் முறையே 12, 13, 13, 15, 15, 8 எனக் கூட்டி 76. வேலை இரண்டாமவருக்கே போகிறது. ஆனால் எதனால் போனது என்பது இப்போது தாளிலேயே எழுதியிருக்கிறது. முதலாமவரிடமும் அதை மறைக்காமல் சொல்லலாம், அவரும் கற்றுக்கொண்டு அடுத்த இடத்துக்கு வரலாம்.

அதே இருவரும் 5 கோடியை எட்டாத ஓர் ஆலைக்கு விண்ணப்பித்திருந்தால், அங்கே தேவைப்படாத இ-இன்வாய்ஸின் 15 மதிப்பெண்ணை நீக்கியாக வேண்டும். அப்போது 85க்கு முதலாமவர் 69, இரண்டாமவர் 63.