கல் யானை தும்பிக்கையை ஆட்டினால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன்ல ரயிலேறி செங்கல்பட்டுல இறங்கினோம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் பஸ். போன காரியம் ஒன்றே ஒன்றுதான்: அர்ஜுனன் தபசுப் பாறையை நேராக நின்று ஒரு நல்ல போட்டோ எடுக்கணும். பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாங்கள் போடவிருந்த கண்காட்சிக்காக, அந்தப் பாறையின் நடுப்பிளவில் தண்ணீர் இறங்குவது போல ஒரு சின்ன வீடியோ செய்ய ஆசை.

ஆசைக்குக் காரணம் இருக்கு. அந்தச் சிற்பத்தை அர்ஜுனன் தபசு என்பவர்களும் உண்டு, பகீரதன் கங்கையை இறக்கிய கதை என்பவர்களும் உண்டு. பிளவுக்குள் நாக உருவங்கள் நீந்துகின்றன. பாறையின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருந்ததற்கான தடயம் இருப்பதால், பல்லவர் காலத்தில் உண்மையாகவே அங்கே நீர் விட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதைத்தான் காட்ட நினைத்தோம்.

எடுத்த போட்டோவை ஸ்டேபிள் வீடியோ டிஃப்யூஷன் மாடலுக்குக் கொடுத்தோம். 2023 நவம்பரில் வந்தது, இப்போதைக்குப் பழசுதான். ஆனால் உள்ளே என்ன நடக்குதுன்னு கற்றுக்கொள்ள இதைவிட எளிதானது கிடையாது. 1024 × 576 அளவில் ஒரு படம் கொடுத்தால் 25 ஃப்ரேம் வரும். நொடிக்கு 7 ஃப்ரேம் வைத்தால் மூன்றரை நொடி.

வந்த வீடியோவில் தண்ணீர் இல்லை. பெரிய கல் யானை தும்பிக்கையை மெதுவாக ஆட்டியது. எல்லாரும் கைதட்டினோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றதைப் பார்த்தோம். ஒற்றைக்காலில் கை தூக்கித் தவம் செய்கிறவரின் விலா எலும்புகள் மறைந்து, உடம்பு வழுவழுப்பாகியிருந்தது. யானைக்குக் கீழே அவரைப் போலவே கைதூக்கி நிற்கும் பூனை இருக்கு இல்லையா? கடைசி ஃப்ரேமில் அது ஒரு மேடு. அதைச் சுற்றியிருந்த எலிகள் காணோம். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால், இல்லாத சிற்பம் ஒன்றைத்தான் அவர்கள் மாமல்லபுரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

யானை தப்பித்தது, பூனை தப்பவில்லை. ஏன்? இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க.

மாடல் நம் படத்தைப் பிக்சலாக வைத்து வேலை செய்வதில்லை. முதலில் ஒரு என்கோடர் அதை நீளத்திலும் அகலத்திலும் 8 மடங்கு சுருக்கும். 1024 × 576 பிக்சல் 128 × 72 கட்டங்களாகிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 எண்கள் மட்டும். முன்பு அந்த இடத்தில் 64 பிக்சல், மூன்று நிறம், ஆக 192 எண்கள் இருந்தன. பாறை ஏறக்குறைய 30 மீட்டர் அகலம். முழுப் பாறையும் படத்தில் இருந்தால் ஒரு கட்டம் என்பது சுமார் 23 சென்டிமீட்டர் கல். யானைக்கு நூற்றுக்கணக்கான கட்டங்கள் கிடைக்கும். ஒரு எலிக்கு ஒரு கட்டம் முழுசா கிடைத்தாலே பெரிசு. நான்கே எண்களில் எலியும், அதன் காதும், நிழலும் எப்படி அடங்கும்? அதனால் முதல் ஃப்ரேமிலேயே எலி பாதி கற்பனைதான்.

அடுத்தது நேரம். நம் படம் மாடலுக்குள் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, மேலே சொன்ன சுருக்கப்பட்ட வடிவம். 25 ஃப்ரேமுக்கும் அதே நகல் இரைச்சலோடு ஒட்டப்படுகிறது. எது எங்கே இருக்கு என்பதை இது பிடித்து வைக்கும். இன்னொன்று, படத்தின் பொதுவான பொருளைச் சொல்லும் கிளிப் என்ற குறியீடு: 'யானைகள், பாறை, உருவங்கள்' என்கிற மாதிரியான தகவல். யானை என்று தெரிந்ததும், பயிற்சியில் பார்த்த உயிருள்ள யானைகளின் அசைவு வந்து ஒட்டிக்கொள்கிறது. கல் என்பதை அது பொருட்படுத்தவில்லை. கடைசி ஃப்ரேம்கள் மூலப் படத்திலிருந்து விலகும் என்பது செய்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் படத்தைப் பின்பற்றச் சொல்லும் அழுத்தத்தை முதல் ஃப்ரேமில் 1 என்று தொடங்கி, கடைசியில் 3 வரை கூட்டிக்கொண்டே போகிறார்கள். அப்படியும் விலகத்தான் செய்கிறது.

சரி, அசைவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

```python
frames = pipe(image, height=576, width=1024,
    motion_bucket_id=60, noise_aug_strength=0.02,
    decode_chunk_size=4,
    generator=torch.manual_seed(42)).frames[0]
```

`motion_bucket_id` வழக்கமாக 127. குறைத்தால் அசைவு குறையும், கூட்டினால் கூடும். ஆனால் இது முழுப் படத்துக்கும் ஒரே எண். எது அசையணும் என்று சொல்ல இதில் இடமே இல்லை. கேமரா நகர்ந்தாலும் அசைவு, தும்பிக்கை ஆடினாலும் அசைவு. நாங்கள் 60 வைத்தபோது யானை அடங்கியது, பதிலாக மொத்தப் படமும் இடப்பக்கம் நகர்ந்தது. `noise_aug_strength` என்பது கொடுத்த படத்தில் எவ்வளவு இரைச்சல் கலப்பது என்பது. கூட்டினால் மாடலுக்குச் சுதந்திரம் அதிகம், பூனைக்கு ஆபத்தும் அதிகம். எங்கள் வேலைக்கு அதைத் தொடவே கூடாது.

இந்த மாடலுக்கு எழுத்தில் கட்டளை தர முடியாது. ஆகவே தண்ணீருக்காக, 2025-இல் அலிபாபா வெளியிட்ட வான் 2.1-க்குப் போனோம். இது நொடிக்கு 16 ஃப்ரேம் வீதம் 81 ஃப்ரேம், அதாவது ஐந்து நொடி தரும். `static camera, thin stream of water flowing down the central cleft` என்று எழுதினோம். யானை அசையக் கூடாது என்றும் எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம், இந்த மாடல்கள் 'கூடாது' என்பதைச் சரியாகப் பிடிப்பதில்லை, யானை என்ற சொல்தான் உள்ளே போகும். தண்ணீர் வந்தது, அழகாகவே வந்தது. பூனை மட்டும் மறுபடியும் கரைந்தது. இதுவும் இடத்தை 8 மடங்கு சுருக்குவதுதான், போதாததற்கு நேரத்தையும் 4 மடங்கு சுருக்குகிறது.

அப்போது எங்கள் சீனியர் அண்ணா கேட்டார்: "தண்ணிதானடா வேணும்? கல்லை ஏன் அதுகிட்ட வரையச் சொல்றீங்க?"

பிளவு மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு என்று ஒரு மாஸ்க் வரைந்தோம். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரே வரி:

```python
out = mask * frame + (1 - mask) * photo
```

வெள்ளை இடத்தில் மாடலின் தண்ணீர், கறுப்பு இடத்தில் நம் போட்டோவின் கல். பூனை, எலி, விலா எலும்பு எல்லாம் அப்படியே. மாஸ்க்கின் ஓரத்தை 10 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கினால் ஒட்டு தெரியாது.

இது ஒரு நிபந்தனையோடுதான் வேலை செய்யும்: கேமரா துளியும் நகரக் கூடாது. கண்ணால் பார்த்து நம்பாதீங்க. முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் கழித்து, மாஸ்க்குக்கு வெளியே என்ன மிஞ்சுகிறது என்று பாருங்க. அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தால் சிற்பம் மட்டும் உருகியிருக்கு, பரவாயில்லை, அதை நாம் எடுக்கப் போவதில்லை. பாறையின் விளிம்பெல்லாம் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் கேமரா நகர்ந்துவிட்டது. அந்த வீடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு `seed` மாற்றி மறுபடி ஓட்டணும். எங்களுக்கு ஏழாவது முறைதான் சரியாக வந்தது.

தீராத சிக்கல் ஒன்று மிச்சம். நாகங்கள் இருப்பது பிளவுக்குள்ளேதான், தண்ணீர் ஓட வேண்டிய அதே இடத்தில். மாஸ்க்கில் அவற்றைச் சேர்த்தால் உருவம் கலைகிறது. விட்டால் தண்ணீர் அவற்றின் மேல் படாமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போகிறது. நாங்கள் விட்டுவிட்டோம். உலர்ந்த நாகங்களோடுதான் வீடியோ ஓடியது, கீழே 'தண்ணீர் மட்டும் கணினி வரைந்தது' என்று ஒரு வரியோடு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, பாம்பு மட்டும் ஏன் நனையல?"