பேனா நின்ற இடம்

உடப்பு நண்பருக்கு,

கரைவலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் படிப்புதவி கொடுக்க உங்கள் சங்கம் தயாரித்திருக்கும் விண்ணப்பப் படிவம் கிடைத்தது. இரண்டே பக்கம், இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வலைக்காரனாக என்னை நினைத்துக்கொண்டு நிரப்பிப் பார்த்தேன். ஏழாம் கேள்வியில் பேனா நின்றுவிட்டது: "மாத வருமானம் ரூ. ......"

எந்த மாதம்? உங்கள் பக்கத்தில் கரைவலை ஏறத்தாழ ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். சோளகக் காற்று எழுந்துவிட்டால் கடல் விடாது. வலை இழுத்த நாளிலும் கிடைப்பது சம்பளமல்ல, பங்கு. செலவும் சம்மாட்டியின் பங்கும் போக மிஞ்சியதைத்தான் பிரிக்கிறார்கள். கணக்குக்காக, ஒருவருக்கு வலையில் ஆறு மாதம், மாதம் 40,000 ரூபாய், மற்ற ஆறு மாதம் கூலி வேலையில் 10,000 என்று வைத்துக்கொள்வோம். இதே வருமானமுள்ள மூன்று பேர் ஓகஸ்டில் விண்ணப்பிக்கிறார்கள். ஒருவர் நல்ல மாதத்தை நினைத்து 40,000 என்று எழுதுகிறார். இன்னொருவர் போன மாதத்தை நினைத்து 10,000 என்கிறார். மூன்றாமவர் வருடத்தைக் கூட்டி 12ஆல் வகுத்து 25,000 போடுகிறார். உதவிக்கான எல்லை 30,000 என்றால் முதலாமவருக்கு மட்டும் கிடைக்காது. மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே அந்தக் கேள்வியை உடையுங்கள். "கடந்த வலைப் பருவத்தில் எத்தனை மாதம் வேலை செய்தீர்கள்? மாதம் ஏறத்தாழ எவ்வளவு பங்கு கிடைத்தது?" என்று ஒன்று. "வலை இல்லாத மாதங்களில் என்ன வேலை? மாதம் ஏறத்தாழ எவ்வளவு?" என்று மற்றொன்று. கூட்டுவதும் வகுப்பதும் சங்கத்தின் வேலை. "குடும்பத்தில் எத்தனை பேர்" என்பதிலும் இதே வில்லங்கம்தான். ஒரே வளவில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்தால் யாரை எண்ணுவது? "ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவோர்" என்று எழுதிவிடுங்கள், எல்லோருக்கும் விளங்கும்.

ஒன்பதாம் கேள்வியில் "ஆம் / இல்லை (தேவையற்றதை வெட்டிவிடவும்)" என்று இருக்கிறது. எனக்குப் பரம விரோதி இது. பலர் அடைப்புக்குறிக்குள் இருப்பதை வாசிப்பதில்லை. 'ஆம்' என்பதன் மேலேயே ஒரு சரி அடையாளம் போடுவார்கள். அந்தக் கோடு எழுத்தைக் குறுக்கே கடந்தால், வாசிப்பவர் கண்ணுக்கு 'ஆம்' வெட்டுப்பட்டிருக்கும், பதில் தலைகீழாகிவிடும். இரண்டு வெற்றுக் கட்டம் போட்டு, பொருந்துவதில் ✓ இடச் சொல்லுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்துக்குப் பத்துக் கட்டம் போட்டிருக்கிறீர்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், அதற்குச் சரி. 2016 முதல் கொடுக்கப்படும் அட்டைகளில் 12 இலக்கம். இளம் தாய்மார் கடைசி இரண்டையும் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள், நகலெடுக்கும்போது அது காணாமல் போகும். 12 கட்டம் போட்டு, "பழைய அட்டையானால் எழுத்தோடு சேர்த்து முதல் 10 கட்டம்" என்று கட்டத்துக்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினால் நிரப்பி முடித்த பிறகுதான் கண்ணில் படும். 'வயது' என்ற கேள்வியை எடுத்துவிடலாம். பிறந்த தேதி அந்த இலக்கத்திலேயே இருக்கிறது: பழைய அட்டை 85564 என்று தொடங்கினால் 1985இல் பிறந்த பெண். பெண்களுக்கு 500 கூட்டியிருப்பார்கள். மிஞ்சும் 64, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணும் கணக்கில், மார்ச் 4.

உறுதிமொழியைப் பார்த்தேன். தகவல் உண்மை, சங்கத்தின் முடிவே இறுதி, என் விபரங்களைப் பிறருக்குக் கொடுக்கச் சம்மதம். மூன்றுக்கும் ஒரே வாக்கியம், ஒரே கையொப்பம். மூன்றாவதை விரும்பாத தாய் என்ன செய்வாள்? அதைப் பிரித்து, விபரம் யாருக்குப் போகும் என்று பெயர் சொல்லி, அதற்கென்று தனியாக ஆம், இல்லை கட்டம் வையுங்கள். முதலாவதிலும் "யாவும் முற்றிலும் உண்மை" வேண்டாம். ஏறத்தாழ எழுதச் சொன்ன தொகைக்குச் சத்தியம் கேட்டால் நேர்மையானவர்தான் பயப்படுவார். "எனக்குத் தெரிந்தவரை சரி" போதும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஐந்து பிரதி எடுத்து, படிவத்தை முன்பின் பார்த்திராத ஐந்து பேரிடம் கொடுங்கள். பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காதீர்கள். "அண்ணே, இதில என்ன எழுத?" என்று கேட்டாலும் விளக்காமல் அந்தக் கேள்வியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட பிறகு ஒவ்வொரு வீட்டிலும் போய் நீங்கள் விளக்க முடியாதல்லவா? ஒரே கேள்வியில் இரண்டு பேர் நின்றால் அதை மாற்றி, வேறு ஐந்து பேரிடம் கொடுங்கள். கயிறு இழுத்துக் காய்த்த கைகளும் அவர்களில் இருக்கட்டும். உங்கள் கட்டங்கள் அவற்றுக்குச் சிறிது என்று நினைக்கிறேன்.

திருத்திய பிரதியோடு அந்த ஐந்து தாள்களையும் அனுப்புங்கள். வெட்டித் திருத்தியவற்றை அப்படியே.

அன்புடன்.