சிவப்பு விளக்கா, திரை வாசகமா?

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த காரில் திடீரென்று சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. பெட்ரோல் குறைவு விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. திரையிலோ ஒரே ஒரு வாசகம்தான். எதைக் கவனிப்பது?

பதில்: முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் ஆபத்து, ஓரம்கட்ட வேண்டும். மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனிக்க வேண்டும். பச்சையும் நீலமும் எச்சரிக்கையே அல்ல. இண்டிகேட்டர், ஹை பீம் போன்றவை இயங்குகின்றன என்ற தகவல், அவ்வளவுதான்.

திரையில் பொதுவாக ஒரு செய்திக்குத்தான் இடம். அதனால் கார் தன்னிடமுள்ள முன்னுரிமை வரிசைப்படி ஆபத்தானதை முன்னால் காட்டும். பெட்ரோல் செய்தி பின்னால் காத்திருக்கும். பட்டனை அழுத்தினால் பல கார்களில் வாசகம் மறைந்துவிடும், ஆனால் கோளாறு தீரும்வரை விளக்கு அணையாது. வாசகம் போனதும் கோளாறும் போய்விட்டதாக நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

உங்கள் பேட்டரி விளக்கு சொல்வது, பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்பதை. ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்திருக்கலாம். சில கார்களில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றும். அப்படியானால் சில நிமிடங்களில் என்ஜின் கொதிக்கும். பொதுவாகக் காருக்கு இந்தத் தொடர்விளைவு முன்கூட்டித் தெரியாது. சூடு ஏறிய பிறகே வெப்ப எச்சரிக்கை வரும். ஆகவே ஓரம்கட்டி, என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.